வரிமுனையில் தொங்கிய 'த்': மறையூர் வெல்லப் படத்துக்குச் சப்டைட்டில் போட்ட கதை

மறையூரில் கரும்பு ஆலை வைத்திருக்கும் ஒரு பெரியவரைப் பற்றி 14 நிமிடப் படம் ஒன்று எடுத்தோம். கரும்பு வெட்டுவதில் தொடங்கி, சாறு பிழிந்து, கொப்பரையில் காய்ச்சி, உருண்டை பிடிக்கும் வரை அவரே பேசுகிறார். பேச்சு தமிழ், சப்டைட்டிலும் தமிழ். தமிழ்ப் படத்துக்குத் தமிழில் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. மறையூர் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. மலை இறங்கினால் சின்னாறு, அதைத் தாண்டினால் உடுமலை. பெரியவரின் தமிழில் பாதிக்குப் பாதி மலையாளச் சொற்கள். பின்னால் பிழியும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. உடுமலைப் பக்கத்துக்காரர்களுக்கு அவர் பேச்சு பிடிபடாது, காது மந்தமானவர்களுக்கு யார் பேச்சும் பிடிபடாது, பஸ்ஸில் கைப்பேசியில் பார்ப்பவர்கள் ஒலியை அடைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள்.

சப்டைட்டில் என் பொறுப்பு. முதல் பதிப்பை முடித்து ஊர் வாசகசாலையில் வெள்ளைத் துணி கட்டித் திரையிட்டோம். திரையைப் பார்க்காமல் பார்ப்பவர்களைப் பார்ப்பது என் வழக்கம். சப்டைட்டில் சரியாக இருந்தால் கண்கள் கீழே ஒருமுறை இறங்கிவிட்டு மேலே ஏறி முகத்தைப் பார்க்கும். அன்று ஏறவில்லை. எல்லாருடைய கண்ணும் திரையின் அடிவிளிம்பிலேயே கிடந்தது. முன்வரிசையில் ஓர் அக்கா தணிந்த குரலில் வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தார். மலையாளப் பள்ளியில் படித்தவர். தமிழ் எழுத்து வீட்டில் கற்றது. ஒவ்வொரு சப்டைட்டிலிலும் கடைசி இரண்டு சொற்களுக்கு முன்னால் அவர் குரல் அறுந்தது. வரி மறைந்துவிட்டது என்று பொருள். 

இதில் எனக்கு வெட்கம் அதிகம். ஏனென்றால் மென்பொருள் முன்பே எச்சரித்திருந்தது. நான்தான் அதன் வாயை அடைத்தேன்.

நடந்தது இதுதான். ஆங்கிலச் சப்டைட்டிலுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவுகள் வரிக்கு 42 குறிகள், நொடிக்கு 17 குறிகள். மென்பொருளில் அந்த அளவுகளை வைத்து வேலையைத் தொடங்கியதும் பாதிப் பட்டியல் சிவப்பாகிவிட்டது. காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கணினி நம் எழுத்துகளை எண்ணுவதில்லை, அவற்றுக்குள் இருக்கும் யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. 'கொடுத்தார்' என்பதில் நமக்கு ஐந்து எழுத்து: கொ, டு, த், தா, ர். கணினிக்கு க, கொம்புக்கால், ட, உகரக்குறி என்று புள்ளிகளையும் சேர்த்துப் பத்து. 'இது தமிழ் அறியாத எச்சரிக்கை' என்று முடிவு கட்டி, நொடிக்கு 17 என்பதை 25 ஆக்கினேன். சிவப்பு போனது. படமும் கெட்டது.

திரையிடலுக்குப் பிறகு ஒரு காட்சியை மட்டும் எடுத்து முழுமையாகக் கணக்குப் பார்த்தேன். நுரை எடுக்கும் காட்சி. பெரியவர் கொப்பரை அருகில் நின்று 5.2 நொடியில் சொல்கிறார்: சாறு கொதித்து மேலே நுரை கட்டி வரும்போது சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளித்து அழுக்கை வழித்து எடுத்துவிட வேண்டும். (அவர் சொன்னது பேச்சு வழக்கில், எழுத்து வழக்குக்கு மாற்றுவது என் முடிவு. பேச்சு வழக்கை அப்படியே எழுதினால் கண் ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கி நிற்கிறது. வாசகன் சொல்லின் வடிவத்தைப் பார்த்துத்தான் விரைந்து போகிறான், பழகாத வடிவத்தை எழுத்துக்கூட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் சொற்களின் வரிசையை மட்டும் கூடியவரை மாற்றக் கூடாது. காதில் ஒன்றும் கண்ணில் ஒன்றும் போனால் கேட்பவருக்குத் தலை சுற்றும்.)

என் முதல் பதிப்பில் அது இரண்டு சப்டைட்டிலாக இருந்தது:

```
61
00:04:12,480 --> 00:04:15,000
சாறு கொதித்து மேலே நுரை கட்டி
வரும்போது சுண்ணாம்புத்

62
00:04:15,080 --> 00:04:18,080
தண்ணீரைத் தெளித்து அழுக்கை
வழித்து எடுத்துவிட வேண்டும்
```

பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. வரிகள் ஒத்த நீளம், இரண்டுக்கும் நடுவில் இரண்டு ஃபிரேம் இடைவெளி. ஆனால் வேகத்தைப் பாருங்கள். முதலாவதில் இடைவெளிகளையும் சேர்த்து 30 எழுத்து, 2.52 நொடி, நொடிக்கு ஏறத்தாழ 12 எழுத்து. இரண்டாவதில் 32 எழுத்து, 3 நொடி. நொடிக்கு ஏறத்தாழப் பத்தே முக்கால் எழுத்து. அந்த அக்காவின் குரல் அறுந்த இடங்கள் இவையேதான்.

இதையே கணினியின் குறிகளில் எண்ணினால் இரண்டும் சேர்ந்து 106 வருகிறது, எழுத்தில் 62. ஓர் எழுத்துக்குச் சராசரி 1.7 குறி. அப்படியானால் மென்பொருள் சொன்ன நொடிக்கு 17 குறி என்பது நம் எழுத்தில் நொடிக்குப் பத்து. பின்னர் ஆளாளுக்குக் காட்டித் தட்டுத்தடுமாறி நான் வந்து சேர்ந்த அளவும் அதே பத்துதான். தமிழ் தெரியாத எச்சரிக்கை, தற்செயலாகவே என்றாலும், சரியான இடத்தில்தான் சிவந்திருக்கிறது. பாதி அறிவு இருந்த நான் அதை அணைத்தேன்.

அதற்காக மென்பொருளின் எண்ணிக்கையை அப்படியே நம்பலாமா என்றால், மொத்தப் படத்துக்கு நம்பலாம், தனித்தனி வரிக்கு நம்பக் கூடாது. 'வர வர' என்பதில் எழுத்துக்கு ஒரு குறிதான். 'சுண்ணாம்புத்' என்பதில் ஆறு எழுத்துக்குப் பன்னிரண்டு குறி. புள்ளியும் உகரமும் நிறைந்த வரியை மென்பொருள் வீணாகத் தண்டிக்கும், அகரம் நிறைந்த வரியைச் சும்மா விட்டுவிடும். சில விசைப்பலகைகளில் அடித்தால் கொம்புக்கால் ஒரே குறியாக விழாமல் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக விழும். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது, எண்ணிக்கை மட்டும் கூடும். ஆகவே நேரத்துக்கு எழுத்தைத்தான் எண்ணுகிறேன். அதற்கு மூன்று வரி போதும்:

```
import unicodedata
def ezhuthu(s):
    return sum(1 for c in s if unicodedata.category(c)[0] != "M")
```

ஒட்டுக்குறிகளை விட்டுவிட்டு மற்றதை எண்ணுகிறது. இடைவெளிக்கும் வரி உடையும் இடத்துக்கும் ஒவ்வொன்று சேரும். ஆங்கில வழக்கில் நிமிடத்துக்கு 160 முதல் 180 சொல் என்றும் ஒரு கணக்கு உண்டு. நமக்கு அது சற்றும் உதவாது. 'எடுத்துக்கொண்டிருந்தார்களாம்' ஒரே சொல்.

வாசகசாலையில் இருந்த தமிழ் டீச்சர் ஒரு யோசனை சொன்னார்: "மாத்திரைக் கணக்கு வைத்துப் பார்க்கலாமே தம்பி. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை." ஒரு மாலை முழுவதும் பார்த்தேன். எழுத்தெண்ணிக்கையைவிட ஒன்றும் கூடுதலாகத் தேறவில்லை. அது நாக்குக்கு உரிய அளவு. நாக்கு 'கா'வில் இரண்டு மடங்கு தங்கும், கண் தங்குவதில்லை.

நொடிக்குப் பத்து எழுத்து என்பது தமிழ் நாளிதழ் படித்துப் பழகியவர்களுக்கு வசதியான வேகம். மறையூர்ப் பிள்ளைகளில் பலர் மலையாள வழியில் படிக்கிறார்கள். அவர்களும் பார்க்க வேண்டும் என்பதால் எட்டரை வரை இறக்க முயன்றேன். எல்லா இடத்திலும் முடியவில்லை.

இனி வேகத்தைக் குறைப்பது எப்படி? நேரத்தை நீட்டலாம், அல்லது சொல்லைக் குறைக்கலாம். பேச்சு முடிந்த பிறகும் அரை நொடி, சில சமயம் முக்கால் நொடி வரை சப்டைட்டிலை நிறுத்தி வைக்கலாம். யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் இந்தக் காட்சியில் சரியாக 4 நிமிடம் 18 நொடியில் பெரியவரின் முகத்திலிருந்து கொப்பரைக்குக் காட்சி வெட்டு. என் பழைய 62ஆம் சப்டைட்டில் அந்த வெட்டைத் தாண்டி 80 மில்லி நொடி, அதாவது நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் இரண்டே இரண்டு ஃபிரேம், நீண்டிருந்தது. இதுதான் இருப்பதிலேயே கெட்ட நீளம். படம் மாறியதும் புதுச் சப்டைட்டில் வந்துவிட்டதாகக் கண் எண்ணி, அதே வரியை மறுபடி தொடக்கத்திலிருந்து வாசிக்கப் போகிறது. போவதற்குள் அது மறைகிறது. வெட்டைத் தாண்டுவதானால் நன்றாக அரை நொடிக்கு மேல் தாண்ட வேண்டும். இல்லையென்றால் வெட்டுக்கு இரண்டு ஃபிரேம் முன்னால் நிறுத்திவிட வேண்டும். நான் 04:17,920இல் நிறுத்தினேன்.

நேரம் அதற்கு மேல் கிடைக்காது. மிச்சம் சொல்லைக் குறைப்பதுதான். இதில் படம் உதவி செய்தது. சாறு கொதிப்பது திரையில் தெரிகிறது, நுரை மேலே வருவதும் தெரிகிறது. கண் பார்ப்பதை மறுபடி எழுத்தில் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதது சுண்ணாம்பு மட்டும். அவர் கையில் இருப்பது வெறும் தண்ணீர் போலத்தான் இருக்கிறது. எனவே இப்படியானது:

```
61
00:04:12,480 --> 00:04:17,920
நுரை கட்டியதும் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்து
அழுக்கை வழித்தெடுக்க வேண்டும்
```

44 எழுத்து, 5.44 நொடி. நொடிக்கு எட்டு எழுத்துக்குச் சற்று மேல். இரண்டு சப்டைட்டில் ஒன்றானதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒவ்வொரு முறை வரி மாறும்போதும் கண் படத்தை விட்டுக் கீழே இறங்க வேண்டும். இப்போது ஒருமுறை இறங்கினால் போதும். மேலெல்லை பற்றி ஒரு சொல்: ஒரே சப்டைட்டில் ஏழு நொடிக்கு மேல் நின்றால் வாசித்து முடித்தவர்கள் மறுபடி வாசிக்கத் தொடங்குகிறார்கள். கீழெல்லை ஏறத்தாழ ஒரு நொடி. அதற்கும் குறைந்தால் 'ஆமாம்' கூட மின்னல்தான்.

இப்போது வரி உடைக்கும் இடத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி. பழைய பதிப்பில் 'சுண்ணாம்புத்' என்று ஒரு சப்டைட்டில் முடிந்து, 'தண்ணீரை' அடுத்ததில் வந்தது. வாசித்தவர்களுக்கு இடறியது, ஆனால் ஏன் இடறுகிறது என்று சொல்லத் தெரியவில்லை. விடை வரியின் முனையிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது: அந்தத் 'த்'. தமிழ்ச் சொல் எதுவும் தானாக வல்லின மெய்யில் முடிவதில்லை. வரியின் கடைசியில் க், ச், த், ப் நின்றால் அது அடுத்த சொல்லின் கை. இந்தச் சொல்லைப் பிடித்திருக்கிறது. அங்கே வெட்டினால் பிடியில் வெட்டுகிறோம். சந்திப்பிழை பார்க்கும் கண்ணுக்கு இது இலவசமாகக் கிடைக்கும் கருவி. கோப்பு முழுவதையும் ஒரே கட்டளையில் சலித்துவிடலாம்:

```
grep -nE '(க்|ச்|த்|ப்)$' padam.srt
```

முதல் தடவை ஒன்றுமே அகப்படவில்லை. மகிழ்ந்துபோனேன். பிறகுதான் தெரிந்தது, கோப்பு விண்டோஸ் முறையில் சேமிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வரியின் இறுதியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி உட்கார்ந்திருந்தது. அதை நீக்கிவிட்டு ஓட்டியதும் 19 வரிகள் சிக்கின. அவற்றில் நான்கை அப்படியே விட்டுவிட்டேன். 'கரும்பைப்' என்று முதல் வரி முடிந்து 'பிழிந்து' என்று இரண்டாவது தொடங்கினால் பொறுத்துக்கொள்ளலாம், இரண்டும் ஒரே நேரத்தில் திரையில் இருப்பதால் கண் தொட்டுக்கொள்ளும். ஒரு சப்டைட்டிலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மட்டும் அந்த உறவை அறுக்கக் கூடாது.

சந்தி காட்டிக்கொடுக்காத பிடிகளும் உண்டு. 'காய்ச்சிய' என்ற பெயரெச்சம் மேல்வரியிலும் 'பாகு' கீழ்வரியிலும் நின்றால் அதே இடறல்தான். எண்ணையும் அலகையும் பிரிப்பது, 'ஆலைக்கு' என்பதை 'முன்னால்' என்பதிலிருந்து பிரிப்பது, முதல்வினையைத் துணைவினையிலிருந்து பிரிப்பது ஆகியவையும் அப்படியே. இவற்றைக் கண்ணால்தான் தேட வேண்டும். வெட்டத் தோதான இடங்கள் வினையெச்சத்தின் முடிவு, 'என்று', 'போது', 'ஆல்' ஆகியவற்றின் முடிவு. மேலே 'தெளித்து' என்பதில் உடைத்திருப்பது அதனால்தான்.

வரியின் நீளத்துக்கு எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. 'மரம்' மூன்றெழுத்து, 'தொலை' இரண்டெழுத்து. கணினிக்கு இரண்டும் நான்கு குறி. ஆனால் 'தொலை'யில் கொம்பு, த, கால், ஐகாரக் கொம்பு, ல என்று ஐந்து வடிவங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 'மரம்' மூன்றே வடிவத்தில் முடிகிறது, புள்ளி தலைக்கு மேல் ஏறிவிடுகிறது. இரண்டெழுத்துச் சொல் மூன்றெழுத்துச் சொல்லைவிட அகலம். ஆகவே வரிநீளத்தைத் திரையில் வைத்துத்தான் அளக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருந்ததிலேயே சிறிய கைப்பேசியில், கிடைமட்டத்தில், எழுத்தளவைப் பெரிதாக்கி ஓட்டிப் பார்த்தேன். இடைவெளியோடு 26 எழுத்து வரை பெரும்பாலும் ஒரே வரியில் நின்றது. அதைத் தாண்டினால் கைப்பேசியே வரியை மடித்து, கடைசிச் சொல்லை மட்டும் மூன்றாவது வரியில் தள்ளியது. பார்த்துப் பார்த்து உடைத்த இடமெல்லாம் அப்போது வீண். கொம்பும் ஐகாரமும் மிகுந்த வரியென்றால் 22இலேயே நிறுத்திக்கொள்கிறேன்.

திரையிடலில் சிரிப்பை வரவழைத்த பிழை வேறொன்று. உருண்டை பிடிக்கும் காட்சியில் பெரியவர் சொல்கிறார்: பாகு நன்றாக ஆறிய பிறகுதான் உருட்ட வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 'வேண்டும்' என்றதும் ஒரு நொடிக்கு மேல் நிறுத்தி, கேமராவைப் பார்த்துவிட்டு, பிறகுதான் மிச்சத்தைச் சொல்கிறார். நான் அந்த நிறுத்தத்தில் வெட்டியிருந்தேன். திரையில் 'பாகு நன்றாக ஆறிய பிறகுதான் உருட்ட வேண்டும்' என்று முழு வாக்கியமாக ஓடியது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "தப்பு! ஆறினால் கல்லாகிவிடும்." இன்னொரு ஆலைக்காரர். அடுத்த சப்டைட்டில் வருவதற்குள் அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பு அந்த வினைக்குள்ளே வருகிறது. முன்பாதியை மட்டும் காட்டினால் சில சமயம் நேர் எதிரான பொருளைக் காட்டிவிடுகிறோம். மூன்று புள்ளி வைத்துப் பார்த்தேன். யாரும் புள்ளியைக் கவனிக்கவில்லை. கடைசியில் 'நன்றாக' என்பதை எடுத்துவிட்டு ஒரே சப்டைட்டில் ஆக்கினேன்:

```
140
00:11:03,200 --> 00:11:07,800
பாகு ஆறிய பிறகுதான் உருட்ட வேண்டும் என்று
நினைத்துவிடாதீர்கள்
```

37 எழுத்து, 4.6 நொடி. இதில் ஓர் இழப்பு உண்டு. அவர் நிறுத்திச் சொல்லும் குறும்பு, அவர் சொல்வதற்கு முன்பே கீழ்வரியில் வெளிப்பட்டுவிடுகிறது. வெறும் நகைச்சுவையாக இருந்திருந்தால் வெட்டித்தான் வைத்திருப்பேன். இங்கே தவறான செய்முறை ஒரு நொடி கூடத் திரையில் நிற்கக் கூடாது என்று முடிவு செய்தேன். பெரியவருக்கு இதில் உடன்பாடில்லை. "நான் நிறுத்தினது வீணாகிவிட்டதே தம்பி" என்றார்.

இலக்கங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். '1,250 கிலோ' என்பதை என் மூன்று வரி நிரல் எட்டு என்று எண்ணுகிறது. அதை வாசிப்பவர் உள்ளுக்குள் 'ஆயிரத்து இருநூற்று ஐம்பது கிலோ' என்று உச்சரித்தால் 19. எல்லாரும் அப்படி உச்சரிப்பதில்லை, ஆனால் பலர் இலக்கத்தில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் போகிறார்கள். எண் வரும் சப்டைட்டிலுக்கு எல்லாம் அரை நொடி கூட்டி வைத்தேன்.

திருத்தம் முடிந்தபோது 212 சப்டைட்டில் 178 ஆகியிருந்தது. அவற்றில் 11 இன்னும் நொடிக்குப் பத்தைத் தாண்டுகின்றன. எல்லாமே ஒரே இடம்: பெரியவரும் மகனும் வெல்ல விலையைப் பற்றி ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுக்கொள்ளும் காட்சி. ஆளுக்கொரு வரியாக முன்னால் சிறுகோடு போட்டு வைத்திருக்கிறேன். சொல்லைக் குறைத்தால் சண்டை போய்விடுகிறது, குறைக்காவிட்டால் வாசிக்க முடியவில்லை. இரண்டாவது திரையிடலில் முன்வரிசை அக்கா அந்தக் காட்சி வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பதினொன்றை அப்படியே விட்டிருக்கிறேன்.